வெளிமாநில பார்ட்டிக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுக் கட்டிட்டேன். இப்ப ஐஜிஎஸ்டி கேக்குறாங்க. கட்டின பணத்தை மாத்திக்க வழி இருக்கா?

சோமனூர் தறிக்காரர்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. விசைத்தறி வச்சு காடா துணி ஓட்டி விக்கிறேன். 2023 அக்டோபர்ல பெங்களூர் பார்ட்டி ஒருத்தருக்கு மூணு பில்லுல மொத்தம் 12,00,000 ரூபாய்க்குத் துணி கொடுத்தேன். பில் பெங்களூர் ஜிஎஸ்டி நம்பர்லதான். ஆனா சரக்கை அங்க அனுப்பல. "திருப்பூர்ல எங்க சாயப்பட்டறைக்காரர் இருக்காரு, நேரா அங்க இறக்கிடுங்க"ன்னு சொன்னாங்க, இறக்கிட்டோம். துணி தமிழ்நாட்டை விட்டு வெளிய போகலையேன்னு நம்ம கணக்குப் பையன் 5 சதவீதத்தை ரெண்டாப் பிரிச்சு சிஜிஎஸ்டி 30,000, எஸ்ஜிஎஸ்டி 30,000 போட்டுட்டான். அந்த மாச GSTR-3B-லயே கட்டியாச்சு.

இப்ப ASMT-10 நோட்டீஸ் வந்திருக்கு. இது வெளிமாநில விற்பனை, ஐஜிஎஸ்டி 60,000 கட்டணும், வட்டியும் சேர்த்துக் கட்டணும்னு போட்டிருக்காங்க. நான் கேக்குறது ஒண்ணுதாங்க. 60,000 ரூபாய் ஏற்கெனவே அரசாங்கத்துகிட்டதான் இருக்கு. அதை அந்தக் கணக்குல இருந்து இந்தக் கணக்குக்கு மாத்திவிட்டா முடிஞ்சுது. எதுக்கு நான் திரும்பவும் 60,000 கட்டணும்? மாத்திவிட ஏதாவது ஃபாரம் இருக்கா?

நாமக்கல் செந்தில்

இருக்கு அண்ணா, PMT-09. போன வருஷம் நானும் செலான் போடும்போது சிஜிஎஸ்டியில போட வேண்டிய தொகையை எஸ்ஜிஎஸ்டியில போட்டுட்டேன். போர்ட்டல்ல லாகின் பண்ணி PMT-09-ல எந்தத் தலைப்புல இருந்து எதுக்குன்னு கொடுத்தேன், அப்பவே மாறிடுச்சு. ஆபீஸுக்குப் போக வேண்டியதே இல்ல.

வரிக்கணக்கு மீனா

செந்தில் சார், உங்க விஷயம் வேற, தறிக்காரர் அண்ணாவோட விஷயம் வேற. நீங்க செலான்ல போட்ட பணம் ரொக்கப் பேரேட்டுல சும்மா இருந்துச்சு, இன்னும் வரியா மாறல. அப்படி இருக்கிற பணத்தைத்தான் PMT-09 நகர்த்தும். அண்ணாவோட பணம் 2023 அக்டோபர் ரிட்டர்ன் ஃபைல் பண்ணின அன்னைக்கே பேரேட்டுல இருந்து கழிஞ்சு வரியாப் போயாச்சு. கழிஞ்ச தொகையை PMT-09 தொடாது.

அண்ணா, உங்க கேள்விக்கு நேரடியான பதில்: மாத்திவிட ஃபாரம் இல்லை. சரியான தலைப்புல மறுபடி கட்டணும், தப்பான தலைப்புல கட்டினதை ரீஃபண்டாக் கேட்டு வாங்கணும். ஒரே அரசாங்கம்தானேன்னு தோணும். ஆனா நீங்க கட்டின எஸ்ஜிஎஸ்டி 30,000 தமிழ்நாட்டுக் கணக்குக்குப் போயிருக்கு. ஐஜிஎஸ்டியா இருந்தா அதுல மாநிலப் பங்கு கர்நாடகாவுக்குப் போகணும். பணம் மூணு வேற கஜானாக்களோட சம்பந்தப்பட்டிருக்கிறதால, உங்க வட்ட அதிகாரி நினைச்சாலும் ஒரு கணக்குல இருந்து இன்னொண்ணுக்கு எழுதிவிட முடியாது.

அதுக்காக ரெண்டு தடவை வரி கட்டச் சொல்றதா ஆயிடாது. சிஜிஎஸ்டி சட்டம் 77-வது பிரிவு, தப்பாக் கட்டினதைத் திருப்பித் தரணும்னு சொல்லுது. எப்படிக் கேக்கணும்ங்கிறது 2021 செப்டம்பர்ல வந்த 89(1A) விதியில இருக்கு.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. 2023 அக்டோபர் 3B-ல மொத்த வரி எவ்வளவு, அதுல ரொக்கமா எவ்வளவு, இன்புட் கிரெடிட்ல எவ்வளவு கழிச்சீங்க? இப்ப கிரெடிட் பேரேட்டுல எவ்வளவு இருப்பு இருக்கு?

ராஜா ஆடிட்

மேடம் சொல்ற வழி சரிதான், ஆனா ரெண்டு சிக்கல். ரீஃபண்டுக்கு ரெண்டு வருஷம்தான் கெடு. கட்டினது 2023 நவம்பர்ல. கணக்குப் பண்ணிப் பாருங்க, விளிம்புல நிக்கிறீங்க. நோட்டீஸுக்குப் பதில், ஆர்டர்னு முடியறதுக்குள்ள கெடு போயிடும். இன்னொண்ணு, 50-வது பிரிவுப்படி ஐஜிஎஸ்டிக்கு 18 சதவீத வட்டி கட்டாம விடமாட்டாங்க. 60,000-க்கு ரெண்டு வருஷ வட்டியே 21,000 ரூபாய்க்கு மேல வரும். அதையும் தயாரா வச்சுக்கங்க.

வரிக்கணக்கு மீனா

ராஜா சார், பொதுவான ரீஃபண்டுக்கு நீங்க சொல்றது பொருந்தும். இதுக்குப் பொருந்தாது. 89(1A)-ல ரெண்டு வருஷம்ங்கிறது சரியான தலைப்புல வரி கட்டின நாள்ல இருந்து ஓட ஆரம்பிக்குது. அண்ணா இன்னும் ஐஜிஎஸ்டி கட்டவே இல்லை. அவருக்குக் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கல. இதை நம்பாம அவசரப்பட்டு, ஐஜிஎஸ்டி கட்டறதுக்கு முன்னாடியே ரீஃபண்ட் அப்ளிகேஷன் போட்டவங்களைப் பாத்திருக்கேன். அது அப்படியே திரும்பி வந்துடுச்சு.

வட்டியும் அப்படித்தான். ஐஜிஎஸ்டி சட்டம் 19(2)-ஐ ஒரு தடவை படிச்சுப் பாருங்க. உள்மாநிலம்னு நினைச்சு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டினவர், பின்னாடி அது வெளிமாநில விற்பனைன்னு ஆனா, கட்ட வேண்டிய ஐஜிஎஸ்டிக்கு வட்டி கட்டத் தேவையில்லைன்னு அதுலயே இருக்கு. நோட்டீஸ்ல வட்டி கேட்டிருந்தா ASMT-11 பதில்ல இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மறுக்கணும். தெரியாம கட்டிட்டா, அதைத் திரும்ப வாங்கறது தனிப் போராட்டம்.

ராஜா ஆடிட்

19(2)-ஐ எடுத்துப் பாத்தேன் மேடம். வட்டி விஷயத்துல நான் சொன்னது தப்பு. ஆனா "பின்னாடி ஆனா"ன்னு இருக்கே, அது அதிகாரி ஆர்டர் போட்டாத்தானே? இவரா முன்வந்து கட்டினா அந்தச் சலுகை கிடைக்குமா?

வரிக்கணக்கு மீனா

நல்ல கேள்வி சார். 2021-க்கு முன்னாடி இதைச் சொல்லியே பல பேரோட ரீஃபண்டை நிராகரிச்சாங்க, ஆர்டர் எங்கேன்னு கேட்டு. 25.09.2021 தேதியிட்ட 162-ம் எண் சுற்றறிக்கை அதைத் தீர்த்துவெச்சது. வியாபாரியே கண்டுபிடிச்சுக் கட்டினாலும் சரி, அதிகாரி ஸ்க்ரூட்டினியிலயோ ஆடிட்லயோ கண்டுபிடிச்சுக் கட்டினாலும் சரி, ரெண்டும் பொருந்தும்.

பழைய கணக்கர்

எல்லாரும் ரீஃபண்ட் பின்னாடியே ஓடுறீங்க. இவ்வளவு சுத்தத் தேவையில்லை. 2017 டிசம்பர்ல 26-ம் எண் சுற்றறிக்கை வந்துது. 3B-ல தப்பாப் போட்டதை அடுத்த மாச 3B-லயே நிகரமாச் சரிக்கட்டிக்கலாம்னு அதுல இருக்கு. ஐஜிஎஸ்டி 60,000-ஐக் கூட்டிக் காட்டி, உள்ளூர் விற்பனை வரியில தலா 30,000-ஐக் குறைச்சுக் காட்டுங்க. ஒரு பைசா கையை விட்டுப் போகாது. எங்க கம்பெனியில 2018-ல அப்படித்தான் செஞ்சோம்.

அதுவும் வேண்டாம்னா, கேரள உயர் நீதிமன்றம் 2018-லயே ஒரு வழக்குல தப்பான தலைப்புல கட்டின தொகையை ஐஜிஎஸ்டி தலைப்புக்கு மாத்தச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டிருக்கு. அதைக் காட்டி எழுதிக் கேளுங்க.

வரிக்கணக்கு மீனா

ஐயா, நீங்க சொன்ன சரிக்கட்டல், தப்பு நடந்த சூட்டோட சூடாக் கண்டுபிடிச்சிருந்தா ரொம்ப நல்ல வழி. GSTR-1-ல பில்லைத் திருத்தி, அல்லது பழைய பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டுப் புது பில் கொடுத்து, அந்த மாச உள்ளூர் விற்பனை வரியிலயே கழிச்சிருக்கலாம். ஆனா 2023-24 பில்லுக்குத் திருத்தமும் கிரெடிட் நோட்டும் 30.11.2024 வரைக்கும்தான். அந்தக் கதவு மூடியாச்சு. இப்ப நடப்பு மாச 3B-ல 30,000, 30,000-னு குறைச்சா GSTR-1-க்கும் 3B-க்கும் பொருந்தாமப் போயி, அதுக்குத் தனியா ஒரு நோட்டீஸ் வரும்.

இன்னொரு எச்சரிக்கையும் அதே 162-ம் சுற்றறிக்கையில இருக்கு. கிரெடிட் நோட் மூலமா வரியைச் சரிக்கட்டிக்கிட்டவருக்கு 77-ல ரீஃபண்ட் கிடையாது. ஏதாவது ஒரு வழிதான். தெரியாம ரெண்டையும் செஞ்சவங்களுக்கு அப்புறம் பெரிய தலைவலி.

கேரள வழக்கு உண்மைதான். ஆனா அது வழியில மறிச்ச சரக்கை விடுவிக்கக் கட்டின பணம் பத்தினது, 89(1A) வர்றதுக்கு முன்னாடி வந்தது. இப்பத் தனி விதி இருக்கும்போது, 60,000 ரூபாய்க்காக ரிட் போடுங்கன்னு நான் சொல்லமாட்டேன்.

பழைய கணக்கர்

நவம்பர் 30 போயாச்சுங்கிறதை நான் கவனிக்கல. சரி. ஆனா அடிப்படையிலயே ஒரு சந்தேகம். சரக்கு சோமனூர்ல ஏறி திருப்பூர்ல இறங்கியிருக்கு. ஐஜிஎஸ்டி சட்டம் 10(1)(a)படி சரக்கோட பயணம் எங்க முடியுதோ அதுதானே, வரி எந்த மாநிலத்துக்குன்னு முடிவு பண்ற வழங்கிடம்? சாயப்பட்டறைக்காரர் வாங்குறவரோட ஆள்தானே? அப்ப இவர் போட்டது சரின்னே வாதாடலாமே?

வரிக்கணக்கு மீனா

வாதாடலாம் ஐயா, அப்படி வாதாடறவங்களும் இருக்காங்க. வாங்குறவர் சொல்லி, இன்னொருத்தர்கிட்ட சரக்கை இறக்கினா 10(1)(b) வருது. அப்ப சொன்னவர்தான் சரக்கைப் பெற்றதாக் கணக்கு, அவரோட முதன்மை வியாபார இடம்தான் வழங்கிடம். பெங்களூர்னு ஆயிடுது. பெரும்பாலான அதிகாரிகள் ஜாப் வொர்க் இடத்துல இறக்கினதையும் இதுலதான் சேர்க்கிறாங்க. ஜாப் வொர்க்கர் "இன்னொருத்தர்" ஆவாரா, வாங்குறவரே ஆவாரான்னு முடிவாச் சொல்ல என்கிட்ட தீர்ப்பு எதுவும் இல்ல. ஆனா நடைமுறையில யோசிங்க. தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியை பெங்களூர்க்காரர் எந்தக் காலத்துலயும் கிரெடிட்டா எடுக்க முடியாது. அந்த வாதத்துல ஜெயிச்சாலும் வியாபாரத்துல தோல்விதான்.

சோமனூர் தறிக்காரர்

மேடம் கேட்ட விவரம் எடுத்துட்டேன். அந்த மாசம் சிஜிஎஸ்டி 1,00,000, எஸ்ஜிஎஸ்டி 1,00,000. ரெண்டுலயும் தலா 25,000 ரொக்கம், 75,000 கிரெடிட். இப்ப கிரெடிட் பேரேட்டுல சிஜிஎஸ்டி 48,000, எஸ்ஜிஎஸ்டி 48,000 இருக்கு. ஐஜிஎஸ்டியில ஒண்ணுமில்ல. ரொக்கமா 60,000 புரட்ட இப்ப முடியாதுங்க, நூல் விலைக்கே திண்டாட்டமா இருக்கு.

வரிக்கணக்கு மீனா

அப்ப மனசைத் தேத்திக்கங்க அண்ணா, ரொக்கம் வேண்டியதில்லை. DRC-03-ல வரித் தொகையை கிரெடிட்ல இருந்தே கட்டலாம். ஐஜிஎஸ்டிக்கு முதல்ல சிஜிஎஸ்டி கிரெடிட் 48,000 முழுசும் போகும், மிச்சம் 12,000 எஸ்ஜிஎஸ்டி கிரெடிட்ல இருந்து போகும். அந்த வரிசையை மாத்த முடியாது.

DRC-03 போடும்போது வரிக் காலம் 2023 அக்டோபர்னு கொடுங்க, தலைப்பு ஐஜிஎஸ்டி, வழங்கிடம் கர்நாடகா. இந்த வழங்கிடத்துலதான் பல பேர் பழக்கத்துல தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்துடறாங்க. அப்புறம் ரீஃபண்ட் அதிகாரி, சரியான வரி கட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லுவார். காரணம் எழுதற இடத்துல மூணு பில் நம்பரும் தேதியும், 19-வது பிரிவும் எழுதுங்க. அந்த DRC-03-ஐ வெச்சு ASMT-11-ல பதில் கொடுங்க, வட்டி ஏன் வராதுன்னும் அதுலயே சொல்லிடுங்க.

அப்புறம் ரீஃபண்ட் அப்ளிகேஷன், அதாவது RFD-01. காரணப் பட்டியல்ல "கூடுதலாக் கட்டின வரி"ங்கிறதைத் தொட வேண்டாம். உள்மாநில விற்பனை பின்னாடி வெளிமாநில விற்பனையா ஆனதுன்னு தனி வகை இருக்கு, அதைத்தான் எடுக்கணும். அதுல Statement 6 நிரப்பணும். ஒவ்வொரு பில்லுக்கும் முதல்ல எப்படிக் கட்டினீங்க, இப்ப எப்படிக் கட்டினீங்கன்னு பக்கத்துல பக்கத்துல வரும். மூணு பில்லு, அக்டோபர் 3B, DRC-03 எல்லாத்தையும் இணைங்க. இந்த வகை ரீஃபண்டுக்கு, வரிச்சுமையை வாங்கினவர் மேல ஏத்தலைன்னு ஆடிட்டர் சான்று தேவையில்லை. 54(8)-ல பிரிவு 77 ரீஃபண்டைத் தனியா விலக்கி வெச்சிருக்காங்க. ஆனா பெங்களூர் பார்ட்டிகிட்ட இருந்து "இந்த பில்களுக்கு நாங்க கிரெடிட் எடுக்கல"ன்னு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கிடுங்க. விதியில இல்லைன்னாலும் அதிகாரி கேப்பார்.

60,000-மும் பேங்க்குக்கு வரும்னு எதிர்பார்க்காதீங்க. 92(1A) விதிப்படி, அந்த மாசம் ரொக்கமாக் கட்டின விகிதத்துக்குத்தான் ரொக்கம். நீங்க 2,00,000-ல 50,000 ரொக்கம் கட்டியிருக்கீங்க, அதாவது கால் பங்கு. 60,000-ல 15,000 பேங்க்ல வரும். மிச்சம் 45,000-க்கு PMT-03 போட்டு கிரெடிட் பேரேட்டுல திரும்ப ஏத்துவாங்க.

ஓசூர் கடைக்காரர்

எனக்குத் தலைகீழ் கேஸ். பாத்திரக் கடை. பெங்களூர்க்காரங்க கடைக்கே வந்து வாங்கிட்டுப் போறாங்க. ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவங்க. பில்லுல பெங்களூர் முகவரி போட்டு ஐஜிஎஸ்டி போட்டேன். கடையில கொடுத்ததுக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான் போடணும்னு ஒருத்தர் சொல்றார். நானும் இதே மாதிரி ரீஃபண்ட் கேக்கணுமா?

வரிக்கணக்கு மீனா

பில் தேதியைப் பாருங்க சார். 01.10.2023-ல இருந்து 10(1)(ca) வந்திருக்கு. பதிவு இல்லாதவருக்கு விக்கும்போது பில்லுல எழுதின முகவரிதான் வழங்கிடம், முகவரி இல்லைன்னா உங்க கடை இருக்கிற இடம். அதுக்கப்புறம் வந்த பில்லுல பெங்களூர் முகவரி இருந்து ஐஜிஎஸ்டி போட்டிருந்தா, நீங்க எதையும் மாத்த வேண்டாம். அதுக்கு முந்தின பில்லுன்னா தனியா ஒரு இழை போடுங்க, அங்க பாக்கலாம்.

ராஜா ஆடிட்

தறிக்காரர் அண்ணாவுக்கு ஒரு யோசனை. இந்த மூணு பில்லோட நிக்காம, 33-ல ஆரம்பிக்காத ஜிஎஸ்டி நம்பருக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்ட பில் வேற ஏதாவது இருக்கான்னு GSTR-1 எக்செல்ல வடிகட்டிப் பாருங்க. பெங்களூர்க்காரர் நம்பர் 29-ல ஆரம்பிக்கும். என் கிளையன்ட் ஒருத்தருக்குப் பாத்தப்ப இதே மாதிரி இன்னும் அஞ்சு பில் கிடைச்சுது. நடப்பு வருஷத்து பில்லா இருந்தா, பழைய கணக்கர் ஐயா சொன்ன திருத்தத்துலயே முடிச்சுக்கலாம்.

வரிக்கணக்கு மீனா

ரொம்பச் சரி. வாங்குறவர் பக்கத்துலயும் அப்பவே தெரிஞ்சிருக்கும். அவரோட GSTR-2B-ல இந்த மூணு பில்லும் கிரெடிட் கிடைக்காத பகுதியில போயிருக்கும். விக்கிறவர் மாநிலமும் வழங்கிடமும் ஒண்ணு, வாங்குறவர் மாநிலம் வேறன்னு காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். 2023 நவம்பர்ல யாராவது அதைப் படிச்சு ஒரு போன் பண்ணியிருந்தா, இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

சோமனூர் தறிக்காரர்

நாலு மாசம் கழிச்சு வர்றேன். மன்னிக்கணும். நீங்க சொன்னபடியே DRC-03 கிரெடிட்ல இருந்து கட்டினேன். ASMT-11-ல வட்டி வராதுன்னு எழுதிக் கொடுத்தேன். ஏத்துக்கிட்டு ASMT-12 போட்டு நோட்டீஸை முடிச்சுட்டாங்க.

RFD-01 முதல் தடவை RFD-03 குறை மெமோவோட திரும்பி வந்துடுச்சு. Statement 6-ல ஒரு பில் தேதியை நம்ம பையன் மாத்திப் போட்டிருந்தான், பெங்களூர் கடிதமும் அப்ப வரல. சரி பண்ணிப் புதுசாப் போட்டேன். இப்ப RFD-06 வந்திருக்கு. மேடம் சொன்ன கணக்கேதான். 15,000 பேங்க்ல விழுந்துடுச்சு. சிஜிஎஸ்டி 22,500, எஸ்ஜிஎஸ்டி 22,500 கிரெடிட் பேரேட்டுல ஏறியிருக்கு. அதை இந்த மாச 3B-ல உபயோகிக்கலாமா?

இன்னொரு பிரச்சனை முளைச்சிருக்கு. பெங்களூர் பார்ட்டி, "நீங்க ஐஜிஎஸ்டி கட்டிட்டீங்கல்ல, எங்களுக்கு 60,000 கிரெடிட் வர்ற மாதிரி பேப்பர் கொடுங்க, இல்லைன்னா பாக்கியில கழிச்சுக்குவோம்"ங்கிறாங்க.

வரிக்கணக்கு மீனா

சந்தோஷம் அண்ணா. ஏறின கிரெடிட்டை இந்த மாசமே உபயோகிக்கலாம். குறை மெமோ வந்தா புது அப்ளிகேஷன், அதுவும் ஐஜிஎஸ்டி கட்டின நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கணும்; முதல் அப்ளிகேஷன் போட்ட நாள்ல இருந்து மெமோ வந்த நாள் வரைக்கும் அதுல கணக்கு இல்ல. நீங்க சீக்கிரமே போட்டதால சிக்கல் வரல.

பெங்களூர் பார்ட்டி விஷயம்தான் கஷ்டம். DRC-03 அவருக்கு கிரெடிட் ஆவணம் ஆகாது, அவரோட 2B-லயும் வராது. 2023-24 பில்லுக்கு கிரெடிட் எடுக்கிற கெடுவும் 30.11.2024-ஓட முடிஞ்சுது.

ராஜா ஆடிட்

ஐஜிஎஸ்டி 60,000-க்கு இப்ப டெபிட் நோட் போட்டா என்ன மேடம்? 2021 ஜனவரியில இருந்து டெபிட் நோட்டுக்கு அதோட தேதி எந்த வருஷமோ அதுதானே, கிரெடிட் எடுக்கிற கெடுவைச் சொல்ற 16(4)-க்குக் கணக்கு?

வரிக்கணக்கு மீனா

தேதிக் கணக்கு நீங்க சொல்றதுதான். ஆனா டெபிட் நோட்டை GSTR-1-ல ஏத்தினா, DRC-03-ல கட்டின அதே 60,000 மறுபடி 3B-ல கட்ட வேண்டிய வரியா வந்து நிக்கும். அதை எப்படி ஒழுங்காக் காட்டறதுன்னு என்கிட்ட சுத்தமான வழி இல்ல. இதைச் செஞ்சு முடிச்சவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

பழைய கணக்கர்

DRC-03-ல கட்டாம, முதல்லயே டெபிட் நோட் போட்டு 3B வழியா கட்டியிருந்தா ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிருக்குமோன்னு தோணுது. ஆனா பில்லுல வரி மொத்தத் தொகை குறையவே இல்லையே, 60,000-மும் இருந்துதே. அதை டெபிட் நோட்னு அதிகாரி ஏத்துப்பாரா?

சோமனூர் தறிக்காரர்

பார்ட்டிகிட்ட ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன். துணி இறக்குற இடத்தை அவங்கதான் மாத்தினாங்க, பில்லைப் போட்டது நாங்க. பாதி நான் விட்டுத் தர்றேன்னு பேசிப் பாக்குறேன். இனிமே பில் போடுறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி நம்பரோட முதல் ரெண்டு எண்ணைப் பாக்கச் சொல்லி, பையன் மேசையில எழுதி ஒட்டியாச்சு.